காதில் அறுவை செய்தால் நாக்கில் ஏன் ருசி குறைகிறது?

நாற்பது வயதுள்ள ஒருவருக்கு இடது காது சில வருடங்களாக மந்தம். நடுக்காதில் இருக்கும் மூன்று குட்டி எலும்புகளில் கடைசி எலும்பான அங்கவடி, ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்ற கோளாறால் அசையாமல் இறுகிவிட்டது. அதன் மேல்பகுதியை எடுத்துவிட்டு, அடித்தட்டில் சிறு துளை போட்டு, சுமார் நான்கரை மில்லிமீட்டர் நீளமுள்ள செயற்கைத் தண்டு ஒன்றைப் பொருத்துகிறார்கள். அறுவை நன்றாக முடிகிறது, காதும் கேட்க ஆரம்பிக்கிறது. ஆனால் மறுநாளே அவர் வேறொன்றைச் சொல்கிறார்: வாயில் எதை வைத்தாலும் இரும்பை நக்கியது போல இருக்கிறது, நாக்கின் இடது ஓரம் வெந்துபோனது மாதிரி இருக்கிறது, உப்பு சரியாகத் தெரியவில்லை.

காதில் செய்த வேலைக்கு நாக்கு ஏன் வழக்குத் தொடுக்கிறது? இந்த மனிதர் கற்பனைதான், ஆனால் காது அறுவை செய்கிறவர்கள் இந்தப் புகாரை அடிக்கடி கேட்பவர்கள். காரணம், நாக்கின் முன்பகுதிக்கான சுவை நரம்பு மூளைக்குப் போகும் வழியில் நடுக்காதுக்குள் நுழைந்து, செவிப்பறைக்குப் பின்னால், எலும்புகளுக்கு நடுவே, காற்றில் தொங்கிக்கொண்டு கடந்து போகிறது. உடம்பில் இவ்வளவு விசித்திரமாகச் சுற்றிப் போகும் நரம்புகள் குறைவு. அதன் பெயர் கோர்டா டிம்பனி. லத்தீனில் அதற்குப் பறையின் நாண் என்று பொருள். செவிப்பறைக்கு உள்பக்கம் நாண் கட்டியது போலக் கிடப்பதால் பழைய உடற்கூற்றாளர்கள் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கும் கேட்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முதலில் நாக்கிலிருந்து தொடங்குவோம். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில் பெரும்பகுதி ருசி அறியாதது, உணவைப் பிடித்துத் தள்ள மட்டும் உதவுவது. அதற்கு நடுவே, முக்கியமாக நுனியிலும் முன் ஓரங்களிலும், சிவந்த சிறு புள்ளிகள் காளான் குடை போல எழும்பி நிற்கும். சுவை மொட்டுகள் இருப்பது அவற்றில்தான். நாக்கின் பின்பகுதியில், தலைகீழ் V வடிவில் வரிசையாக ஏழிலிருந்து பன்னிரண்டு வரை பெரிய வட்ட முளைகள் இருக்கின்றன. அவற்றின் அகழி போன்ற பள்ளங்களிலும் மொட்டுகள் நெருக்கமாக இருக்கின்றன. பின் ஓரங்களில் மடிப்பு மடிப்பாகத் தெரியும் இடங்களிலும் உண்டு, மேல் அண்ணத்தின் மென்மையான பகுதியில்கூட உண்டு.

ஒரு மொட்டுக்குள் ஐம்பது முதல் நூறு செல்கள் பூண்டுப் பற்கள் மாதிரி ஒட்டி நிற்கின்றன. உச்சியில் ஒரு நுண்துளை. உமிழ்நீரில் கரைந்த பொருள் அந்தத் துளை வழியாக உள்ளே போய் செல்லின் முனையைத் தொடுகிறது. இனிப்பு, கசப்பு, இறைச்சிச் சாற்றில் வருவது போன்ற உமாமி ஆகியவற்றைப் பிடிக்கும் செல்கள் தூண்டப்பட்டதும் ஏடிபி என்ற மூலக்கூறை வெளியே விடுகின்றன. செல்லின் எரிசக்தி நாணயம் என்று பள்ளியில் படித்த அதே ஏடிபிதான். அது இங்கே செய்தி சொல்லும் வேலையையும் பார்க்கிறது. கீழே காத்திருக்கும் நரம்பு இழையின் முனை அதைப் பிடித்துக்கொண்டு மின்துடிப்பாக மாற்றுகிறது. சுவை செல் நரம்பு செல் இல்லை. அது தோல் இனத்தைச் சேர்ந்தது, பெரும்பாலும் பத்து நாள் சுமாருக்கு வாழ்ந்து உதிர்ந்துபோய், இடத்தில் புதியது முளைக்கிறது.

இதில் ஒரு சங்கதி பின்னால் முக்கியமாக வரும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப் புதிது புதிதாக முளைப்பதற்கு நரம்பின் தயவு வேண்டும். நரம்பு முனை மொட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கும்வரைதான் மொட்டு மொட்டாக இருக்கும். நரம்பு போய்விட்டால் பழைய செல்கள் உதிர்கின்றன, புதியவை சுவை செல்லாக உருவெடுப்பதில்லை, மொட்டு சுருங்கிப் போகிறது. கம்பி அறுந்தால் பல்பு அணைவது மட்டும் இல்லை, பல்பே கரைந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, எந்தப் பகுதி யாருடைய பொறுப்பில் இருக்கிறது? இனிப்பு நுனியில், கசப்பு பின்னால் என்று படம் போட்ட நாக்கு வரைபடத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது தவறு. 1901-ல் ஹெய்னிக் என்ற ஜெர்மானியர், இடத்துக்கு இடம் உணர்திறனில் சிறு வித்தியாசம் இருப்பதை அளந்தார். பிற்பாடு வந்தவர்கள் அந்தச் சிறு வித்தியாசத்தை வேலி போட்ட எல்லைகளாக ஆக்கிவிட்டார்கள். உண்மையில் மொட்டு இருக்கும் எந்த இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். ஆனால் வேலி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அது சுவைகளுக்கு நடுவே போட்ட வேலி இல்லை, நரம்புகளுக்கு நடுவே போட்டது. முன்னால் மூன்றில் இரண்டு பங்கு நாக்கின் ருசி, முக நரம்பின் கிளையான கோர்டா டிம்பனி வழியாகப் போகிறது. பின்னால் உள்ள மூன்றில் ஒரு பங்கும், அந்தப் பெரிய வட்ட முளைகளும் நாத்தொண்டை நரம்பிடம். தொண்டைக்குள், குரல்வளை மூடியை ஒட்டி உள்ள மொட்டுகள் வேகஸ் நரம்பிடம். மென் அண்ணம் முக நரம்பின் இன்னொரு கிளையிடம். இதெல்லாம் இடது வலது என்று இரண்டு தொகுப்பாக இருக்கிறது. ஆக, ஒரே ஒரு நரம்பில் அடிபட்டால் வாயெல்லாம் ருசி போவதில்லை. நாக்கில் ஒரு வட்டாரம் மட்டும் இருளும்.

கூடவே இன்னொரு நரம்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நாக்கில் சூடு, குளிர், வலி, தொடுதல், எரிச்சல் இவையெல்லாம் ருசி நரம்பின் வேலை இல்லை. முன்பகுதியில் அது முப்பெருநரம்பின் கிளையான லிங்குவல் நரம்பின் வேலை. நாம் அறுசுவை என்று எண்ணும்போது இனிப்பு, புளிப்பு, கைப்பு, உவர்ப்பு நான்கும் ருசி நரம்புக்குப் போகும். கார்ப்போ மிளகாயின் எரிச்சல்தான், வலி நரம்பில் ஏறுவது. துவர்ப்பு பெரிதும் நாக்கு இழுத்துப் பிடிக்கும் தொடு உணர்ச்சி. ருசி செத்தும் உறைப்பு மட்டும் சுள்ளென்று தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை. எங்கே அடி என்பதற்கு அது துப்பாகவே இருக்கும்.

இப்போது கோர்டா டிம்பனியோடு பயணம் செய்து பார்ப்போம். நாக்கின் இடது முன்பகுதியில் கிளம்பும் சுவை இழைகள் முதலில் லிங்குவல் நரம்போடு ஒரே உறைக்குள் சேர்ந்து பயணிக்கின்றன. கீழ்த்தாடையின் உள்பக்கமாக, கடைவாய் ஞானப்பல்லுக்கு மிக அருகே உரசிக்கொண்டு போய், தாடை மூட்டுக்குக் கீழே இரண்டும் பிரிகின்றன. தொடு உணர்ச்சி தன் வழியில் நேரே மூளைத்தண்டுக்குப் போகிறது. சுவை இழைகள் மேலே ஏறி, எலும்பில் இருக்கும் மெல்லிய இடுக்கு வழியாக நடுக்காதுக்குள் நுழைகின்றன. அங்கே சுத்தி எலும்பின் கைப்பிடிக்கும் பட்டடை எலும்பின் நீண்ட காலுக்கும் இடையே, செவிப்பறையை ஒட்டினாற்போல் குறுக்கே போகின்றன. இந்த ஒரு தூரத்தில் மட்டும் நரம்பைச் சுற்றி எலும்பும் இல்லை, தசையும் இல்லை, மெல்லிய சளிச்சவ்வு மட்டும்தான். பிறகு பின்சுவரில் இன்னொரு எலும்புத் துளைக்குள் புகுந்து முக நரம்போடு சேர்கின்றன. அந்த இணைப்பு, முக நரம்பு காதுக்குப் பின்னே மண்டையோட்டை விட்டு வெளியே வரும் துளைக்குச் சில மில்லிமீட்டர் மேலே இருக்கிறது.

நம் நோயாளிக்கு என்ன நடந்தது என்பதை இனிமேல் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். அங்கவடி எலும்பின் உயரமே மூன்று மில்லிமீட்டர் சுமார்தான். அதை அடைய, காதுத் துவாரத்தின் தோலோடு செவிப்பறையை ஒரு பக்கம் மடக்கித் தூக்குகிறார்கள். தூக்கியதும் நுண்ணோக்கியின் கீழ் கண்ணில் படுவது, பார்வைக்குக் குறுக்கே வெள்ளையாகக் கிடக்கும் ஒரு நூல். அதுதான் நம் நரம்பு. பின்மேல் பக்க எலும்பு விளிம்பைச் சிறிது சுரண்டி எடுத்தால்தான் அங்கவடி சரியாகத் தெரியும். அப்போது நரம்பை ஓரமாக ஒதுக்க வேண்டியிருக்கும். ஒதுக்கும்போது இழுபடும். நுண்ணோக்கி வெளிச்சத்தில் நேரமாக ஆக உலரும். சில காதுகளில் வேறு வழியே இல்லாமல் வெட்ட வேண்டியும் வரும். இந்த அறுவையைப் பல இடங்களில் மரத்துப்போக ஊசி மட்டும் போட்டுச் செய்கிறார்கள், நோயாளி விழித்திருப்பார். நரம்பைக் கருவி தொடும் நொடியில் நாக்கின் அந்த ஓரத்தில் ஏதோ சுர்ரென்றது என்று சிலர் அப்போதே சொல்வதுண்டு.

அந்தத் திறந்த இடம் ஆராய்ச்சியாளர்களுக்கும் கைகொடுத்தது. 1960-களில் ஸ்வீடனில் யங்வே ஸாட்டர்மனும் கூட்டாளிகளும், அங்கவடி அறுவைக்காகக் காதைத் திறந்திருந்த நோயாளிகளின் கோர்டா டிம்பனியில் மின்முனை வைத்து, நாக்கில் சர்க்கரைக் கரைசலையும் சிட்ரிக் அமிலத்தையும் ஊற்றி, நரம்பில் ஓடும் துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். கரைசல் வலுவாக வலுவாக அந்த நோயாளி தன் நாக்கில் எவ்வளவு இனிப்பு என்று சொன்ன மதிப்பும் நரம்பின் துடிப்பும் ஒன்றாகவே ஏறின. ஒரு மனிதன் உணரும் அளவும் அவன் நரம்பு பேசும் அளவும் இப்படிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடப்பட்டது அபூர்வமான காரியம். காதில் கோர்டா டிம்பனி ஒளிந்திருக்காவிட்டால் அது முடிந்திருக்காது.

மூளைக்குள் போகும் வழி குறுகியது. முக நரம்பில் ஏறிய இழைகளின் செல் உடல்கள், எலும்புக்குள் வளைவில் இருக்கும் சிறு முடிச்சில் இருக்கின்றன. அங்கிருந்து முகுளத்தில் நீளமாக ஓடும் ஒரு நரம்புக் கருவுக்குச் செய்தி சேர்கிறது. நாத்தொண்டை நரம்பும் வேகஸும் கொண்டுவரும் சுவைச் செய்திகளும் அதே கருவில், அடுத்தடுத்த தளங்களில் வந்து இறங்குகின்றன. மனிதர்களில் அங்கிருந்து மூளையின் நடுவே இருக்கும் தாலமஸுக்கும், அதிலிருந்து மூளையின் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் இன்சுலாவுக்கும் போகிறது. மற்ற உணர்ச்சிகளைப் போல உடனே எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டிப் போய்விடுவதில்லை, மூளைத்தண்டில் பெரும்பாலும் அதே பக்கத்திலேயே ஏறுகிறது. அதனால் மூளைத்தண்டில் ஒரு பக்கம் சிறு அடைப்பு வந்தால் நாக்கின் அதே பக்கம் ருசி குறைவதைக் காணலாம்.

இவ்வளவு வழியில் எங்கே அடிபட்டாலும் முன் நாக்கின் ஒரு பாதி மங்கும். ஆனால் அடியின் வகை மூன்று, அவற்றின் விளைவும் காலமும் வேறு வேறு. லேசாக அழுந்தியோ உலர்ந்தோ போன நரம்பு அறுபடாது, துடிப்பு மட்டும் சிறிது காலம் தடைபடும். வாரங்களில் திரும்பிவிடும். அதற்கு மேல் நசுங்கினால் உள்ளே இழைகள் சிதையும், வெளியுறை பத்திரமாக இருக்கும். அப்போது இழை அந்த உறைக்குள்ளேயே மீண்டும் வளர்ந்து வரலாம். நரம்பிழை வளர்வது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான். காதிலிருந்து நாக்கு நுனிக்கு இருக்கும் தூரத்தை அந்த வேகத்தில் கடக்க மாதங்கள் ஆகும். வந்து சேர்ந்த பிறகு மொட்டை மறுபடி எழுப்பவும் வேண்டும். மூன்றாவது, முழுக்க அறுபட்டது. இரண்டு நுனிகளும் அருகருகே இருந்தால் இழைகள் தாண்டிப் போக வாய்ப்புண்டு. பின்னால் வேறு காரணத்துக்காக அதே காதைத் திறந்தபோது நரம்பு மறுபடி இணைந்திருப்பதைக் கண்டவர்கள் உண்டு. இடைவெளி பெரிதாக இருந்தால் அது நடப்பதில்லை.

இந்த இடத்தில் எல்லோரையும் குழப்பும் ஒரு விஷயம் வருகிறது. நரம்பு சுத்தமாக அறுந்தவர் அதிகம் புகார் சொல்ல வேண்டும், இழுபட்டவர் குறைவாகச் சொல்ல வேண்டும் என்றுதானே நினைப்போம்? பல மருத்துவர்கள் காண்பது அதற்கு நேர்மாறு. அறுந்தவர்களில் பலர் எதையும் கவனிப்பதே இல்லை. இழுபட்டவர்கள்தான் இரும்பு வாடை, கசப்பு, நாக்கு வெந்த உணர்ச்சி என்று மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். அதேபோல, பல வருடம் சீழ் வடிந்து காது அழுகிப்போனவருக்கு நரம்பை வெட்டினாலும் பெரிதாகத் தெரிவதில்லை. அவருடைய நரம்பு ஏற்கெனவே பாதி செத்திருக்கும். நல்ல நடுக்காதுள்ள ஓட்டோஸ்கிளிரோசிஸ்காரருக்கு அதே சேதம் உடனே உறைக்கிறது.

அறுந்தது ஏன் சத்தம் போடுவதில்லை? இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, ருசி வாயில் எங்கே தோன்றுகிறது என்று மூளை முடிவு செய்வது பெரிதும் தொடு உணர்ச்சியை வைத்து. இனிப்பை எந்த மொட்டு கண்டுபிடித்தது என்பதை மூளை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. வாயில் உணவு எங்கே தொடுகிறதோ அங்கெல்லாம் இனிப்பு இருப்பதாக வரைந்துவிடுகிறது. ருசி தெரியும் இடத்தில் ஆரம்பித்து ஈரப் பஞ்சை ருசி தெரியாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனால், இனிப்பும் பஞ்சோடு கூடவே வருவது போலத் தோன்றும். இதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். நம் நோயாளியின் நாக்கில் லிங்குவல் நரம்பு நன்றாக இருப்பதால் அந்தப் பொட்டல் நிலத்தின் மேலும் மூளை இனிப்பைப் பூசிவிடுகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் அழகானது. சாதாரணமாகக் கோர்டா டிம்பனியிலிருந்து வரும் செய்தி, நாத்தொண்டை நரம்பிலிருந்து வரும் செய்தியை மூளைக்குள் கொஞ்சம் அடக்கியே வைத்திருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் லிண்டா பார்ட்டோஷுக் என்பவரும் குழுவும் மரத்துப்போகும் மருந்தால் ஒரு பக்கக் கோர்டா டிம்பனியை நிறுத்திப் பார்த்தபோது, நாக்கின் பின்பகுதியில் ருசி குறையாமல், சில நேரம் கூடியது. அதுவும் எதிர்ப்பக்கத்தில் அதிகமாக. பூட்டு திறந்தது போல. இதனால் மொத்த வாய் ருசி முன்போலவே இருக்கிறது, ஆனால் அதைச் செய்பவர்கள் ஆள் மாறியிருக்கிறார்கள். சிலருக்கு அந்தப் பூட்டு திறந்ததே தொல்லையாகி, எதுவும் சாப்பிடாதபோதும் பின்நாக்கில் இல்லாத ருசி தோன்றும்.

இழுபட்ட நரம்பின் இரும்பு வாடைக்கும் இதில் பங்கு இருக்கலாம். இன்னொரு விளக்கம், அடிபட்ட நரம்பிழை யாரும் தொடாமலேயே தாறுமாறாகத் துடிக்கிறது என்பது. அறுந்த கம்பி மௌனம், பாதி உரிந்த கம்பி பொறி பறக்கும். மூளை அந்தப் பொறியை இன்ன ருசி என்று வகைப்படுத்தத் தெரியாமல் உலோகம் என்று படிக்கிறது. மின்கலத்தின் முனையை நாக்கில் வைத்தால் வரும் வாடையும் இதே இனம்தான்.

அடி எங்கே என்று கண்டுபிடிப்பது கூட்டுக் கணக்கு. நம்மவரைப் போல நாக்கின் ஒரு பாதியில் ருசி போயும், தொடுதல், சூடு, உறைப்பு எல்லாம் நன்றாக இருந்தால், சேதம் சுவை இழைகள் தனியாக இருக்கும் இடத்தில். அதாவது காதுக்குள். (வெந்தது போல என்று அவர் சொன்னது ஊசி குத்திப் பார்த்தால் நிற்காது, அங்கே உணர்ச்சி சரியாகவே இருக்கும்.) அதே பாதியில் ருசியும் போய், நாக்கைக் கடித்தாலும் தெரியாத அளவு மரத்தும் போனால், இரண்டு நரம்பும் சேர்ந்து ஓடும் கீழ்ப் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். ஞானப்பல் எடுக்கும்போதும், அரிதாகத் தாடையில் போடும் மரப்பூசியாலும் இது நேர்கிறது. அந்த வகையில் தொடு உணர்ச்சி திரும்பிய பிறகும் ருசி பின்தங்கிவிடுவதுண்டு.

முகத்தின் ஒரு பக்கம் வாதம் வந்து வாய் கோணி, கூடவே அதே பக்கம் ருசியும் மங்கினால், சேதம் முக நரம்பில், கோர்டா டிம்பனி இணையும் இடத்துக்கு மேலே. வாய் கோணியும் ருசி நன்றாக இருந்தால் அதற்குக் கீழே. பாடப்புத்தகத்தில் இந்தக் கணக்கு மிக நேர்த்தியாக இருக்கும். நோயாளியின் படுக்கையருகே அவ்வளவு நேர்த்தி வராது, ஏனெனில் வீங்கிய நரம்பில் சில இழைகள் தப்பும், சில சாகும். நான் அதைத் தீர்ப்பாக எடுப்பதில்லை, சாட்சியாக எடுப்பதோடு சரி. பின்நாக்கில் மட்டும் கசப்பு தெரியாமல் போவது வேறு கதை. டான்சில் அறுவையில் அந்தப் படுகையின் கீழ்மூலையை ஒட்டி நாத்தொண்டை நரம்பின் நாக்குக் கிளை ஓடுகிறது, அது இழுபடக்கூடும். ஆனால் சாப்பாடே மண்ணாய்ப் போனது, மணம் குணம் எதுவும் இல்லை என்பவருக்கு முதலில் மூக்கைப் பார்க்க வேண்டும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி வாசனை. ஒரு நரம்பு அடிபட்டதால் உணவு முழுக்கச் சப்பென்று ஆவது அபூர்வம்.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம். ஐம்பது மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளுங்கள். நாக்கை நன்றாக நீட்டி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். கரைசலில் நனைத்துப் பிழிந்த காதுப்பஞ்சுக் குச்சியை நுனியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் பின்னால், இடது ஓரத்தில் வைத்துப் பத்து நொடி காத்திருங்கள். நாக்கை உள்ளே இழுக்கக் கூடாது, வாயைத் திறந்து பதில் சொல்லவும் கூடாது. ருசி தெரிந்தால் விரலால் காட்டச் சொல்லுங்கள், முன்கூட்டியே இனிப்பு, உப்பு, புளிப்பு, தெரியவில்லை என்று நான்கு எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். பின்பு வாயைக் கொப்பளித்துவிட்டு வலது ஓரம். சர்க்கரையும் உப்புநீரும் மாறி மாறி, எது என்று சொல்லாமல் வைக்க இன்னொருவர் வேண்டும். நீர் ஓடி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால் அந்த முயற்சியை விட்டுவிட்டு மறுபடி செய்ய வேண்டும், பெரும்பாலும் தவறு அங்கேதான் நடக்கிறது.

நம் நோயாளிக்கு இதை மூன்றாம் வாரம் செய்கிறோம். வலது ஓரத்தில் இரண்டு நொடியில் இனிப்பு என்று காட்டுகிறார். இடது ஓரத்தில் பத்து நொடி ஆகியும் ஒன்றும் இல்லை. பஞ்சு குளிர்ச்சியாக இருக்கிறது என்று மட்டும் சைகை காட்டுகிறார், தொடு உணர்ச்சி சரி. அப்புறம் நாக்கை உள்ளே இழுக்கச் சொன்னதும் வாய் முழுக்க இனிப்பு, இடது பக்கமும் இனிப்பாகவே இருக்கிறது என்று வியக்கிறார். மேலே சொன்ன பூச்சு வேலை கண் முன்னே நடந்தது.

மருத்துவமனையில் இதையே துல்லியமாக அளக்க மின்சுவைமானி என்ற கருவி உண்டு. சிறு உலோக முனையால் மிகச் சிறிய மின்னோட்டத்தை நாக்கில் செலுத்தி, புளிப்போ உலோக வாடையோ எப்போது முதலில் தெரிகிறது என்று பார்ப்பார்கள். பரவலாகப் பயன்படும் ஒரு கருவியில் அளவு நான்கு மைக்ரோ ஆம்பியரில் தொடங்கி 400 வரை ஏறுகிறது. நம்மவரின் வலது பக்கம் எட்டிலேயே உணர்கிறது, இடது பக்கம் 400-க்கும் பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் ஒன்று போதாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த எண்கள் வேண்டும்.

இன்னொரு எளிய சாட்சி நாக்கின் மேற்பரப்பு. உணவுக்குப் போடும் நீலச் சாயத்தை ஒரு சொட்டு நாக்கு நுனியில் தடவினால் சொரசொரப்பு நீலமாகும், சுவை மொட்டுள்ள காளான் முளைகள் இளஞ்சிவப்பாகவே நிற்கும். இடது பாதியில் அந்த இளஞ்சிவப்புப் புள்ளிகள் தட்டையாகி, எண்ணிக்கையில் குறைந்து, வலது பாதியோடு ஒப்பிடும்போது வெறிச்சோடிக் கிடக்கும். நரம்பு இல்லாமல் மொட்டுகள் கரைவது இப்படிக் கண்ணுக்கே தெரிகிறது. நரம்பு திரும்பி வந்தால் சில புள்ளிகள் மறுபடி எழும்பும், முன்பிருந்த எண்ணிக்கை பல நேரம் வராது.

அறுவைக் குறிப்பில் கோர்டா டிம்பனி இழுபட்டது, வெட்டவில்லை என்று எழுதியிருந்தால், எதிர்பார்ப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். இரும்பு வாடை வழக்கமாக முதலில் வடிகிறது, மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலோருக்கு அது மறையும். சர்க்கரைப் பரிசோதனை அதற்குப் பின்னும் தோற்கும். நம்மவரின் ஆறாம் மாத அளவில் இடது பக்கம் 80 மைக்ரோ ஆம்பியரில் பதில் தருகிறது, ஓராண்டில் நாற்பது. வலது பக்கத்தின் எட்டுக்கு அது வந்து சேரவில்லை. ஆனால் அவரைக் கேட்டால் ருசியெல்லாம் சரியாகிவிட்டது என்பார், அவர் சொல்வதும் பொய் இல்லை. மற்ற காதிலும் அதே அறுவை தேவைப்பட்டால்தான் அந்த மீதக் குறை கணக்கில் வரும். அப்போது வலது கோர்டா டிம்பனியும் இழுபட்டால் முன்நாக்கு முழுவதும் ஒரே நேரத்தில் மங்கும், உமிழ்நீரும் குறையும், ஏனெனில் தாடைக்கும் நாக்குக்கும் அடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளை இயக்கும் இழைகளும் இதே நரம்பில்தான் ஓடுகின்றன. அதனால் இரண்டாவது காதைத் தொடும் முன்பு முதல் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று மின்சுவைமானியால் ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரம் இல்லை என்றால் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.